வசவுப் பட்டியலை யார் தட்டச்சு செய்வது?

“கண்டுகொள்ளாதீங்க மேடம், நாய் குரைக்குதுன்னு விடுங்க” என்கிற சக ஆசிரியர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கவிதை வாசித்து நான் காணொளி இடும் யூடியூப் கணக்கின் அமைப்புகளில் Blocked words என்றொரு பெட்டி இருக்கிறது. அண்ணனூருக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, பெண்களைக் குறித்து நீங்கள் கேட்ட வசவுகளையெல்லாம் காற்புள்ளி போட்டு அதில் நிரப்புங்கள். வசை வாங்குகிறவளே வசையகராதியும் தொகுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாதுகாப்பின் முதல் விதி.

தொகுப்பதும் எளிதல்ல. பெட்டி பிடிப்பது நாம் கொடுத்த வடிவத்தையும் அதை மிக நெருங்கியதையும்தான். ‘தேவடியா’ என்று சேர்த்தால் போதாது. ஆங்கில எழுத்தில் thevdiya, thevidiya, thevadiya என்று வரும்; நடுவில் ஒரு புள்ளியோ எண்ணோ நுழையும். தமிழிலோ விளியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டு சொல்லே நீண்டுவிடும். வகுப்பில் மாணவர்கள் தடுமாறும் புணர்ச்சி விதியெல்லாம் வசைபாடுகிறவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது!

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வந்தபோது தலைப்புக்காகவே அவரை ஏசினார்கள். அந்தச் சொல்லைப் பட்டியலில் போட்டால் ஏசுபவனோடு சேர்த்து, அத்தொகுப்பைப் பற்றி எழுதும் மாணவியின் மறுமொழியும் மறையும். நம் கவிஞர்கள் சண்டையிட்டு மீட்ட சொல்லை நானே பூட்டி வைப்பதா? நான் சேர்க்கவில்லை.

மேலும், மோசமான மறுமொழிகளில் கெட்ட வார்த்தையே இருப்பதில்லை. “எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்கன்னு தெரியும்” என்பதில் எந்தச் சொல்லைத் தடுப்பது? இதற்குச் சொல்வடிகட்டி உதவாது, ஒப்புதல் முறைதான் உதவும். எல்லா மறுமொழியையும் நிறுத்திவைக்கச் சொன்னால், நாம் அனுமதிக்கும்வரை எதுவும் வெளியே தெரியாது. விலை என்னவென்றால், அத்தனையையும் ஒருவர் படித்தாக வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருக்கத் தேவையில்லை. என் கணக்கில் ஒரு தோழி முதலில் பார்க்கிறாள்; கவிதையைப் பற்றியவை மட்டும் என்னிடம் வருகின்றன. இன்ஸ்டாகிராமில் Restrict என்று ஒன்று உண்டு. அதில் வைத்தவன் எழுதுவது அவனுக்கு மட்டும் தெரியும். தடுக்கப்பட்டதை அறியாததால் புதுக் கணக்கோடு திரும்பிவரும் அவசரமும் அவனுக்கு இருக்காது.

ஆனால் மறைப்பது வேறு, வழக்கு வேறு. பாடகி சின்மயி 2012இல் ட்விட்டர் வசைகளுக்காகச் சென்னைக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார், கைதுகளும் நடந்தன. அதற்கு அந்தப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும். யூடியூபில் நிறுத்திவைத்த மறுமொழி Held for review பகுதியில் 60 நாட்கள்வரைதான் கிடக்கும். ஆகவே மிரட்டல் என்றால் நீக்கும் முன்பே தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள். அந்தக் கணக்கின் இணைப்பையும் தனியே எடுத்து வையுங்கள், பெயரை அவன் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள்.