அணில் எந்த ஊர்த் தமிழ் கதைக்கும்?

எங்களில ஒருத்தருக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. பிள்ளைகளுக்கான பிஸ்கட் ஒண்டின் விளம்பரம். அதில வாற அணில் சிங்களத்தில ‘தவ எகக்!’ எண்டு கத்தும். அதுதான் அணிலின் முத்திரை வசனம். ‘இன்னும் ஒன்று!’ எண்டு தமிழாக்கிக் குடுத்தாச்சு. பிழையே இல்லாத தமிழ். ஆனா எங்கட வீட்டுச் சின்னப் பிள்ளைகள் ஒருத்தரும் அதைத் திருப்பிச் சொல்லல்ல. முத்திரை வசனத்துக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

ஏன் ஒட்டல்ல எண்டு வசனத்த வாயில போட்டுப் பார்த்தம். முதல் காரணம் படம். அணிலின் வாய் சிங்களத்துக்காக வரையப்பட்டது. ‘எகக்’ எண்டு வாய் திறக்கப் போற நேரத்தில தமிழில ‘இன்னும்’ எண்டு உதடு மூடுது. இதெல்லாம் பிள்ளைக்கு விளக்கத் தெரியாது, ஆனா குரல் வேற எங்கயோ இருந்து வருது எண்டு மட்டும் விளங்கும்.

இரண்டாவது காரணம் கடைசி எழுத்து. ‘ஒன்று’ எண்டு முடியிற சொல் வாய்க்குள்ளேயே செத்துப் போகுது. கத்தி இழுக்க அதில இடமில்ல. அமெரிக்காவில கெலாக்ஸ் கம்பனியின்ட காலைச் சாப்பாட்டுக்கு ‘டோனி’ எண்டு ஒரு புலி இருக்கு. துர்ல் ரேவன்ஸ்க்ரோஃப்ட் எண்ட அடித்தொண்டைப் பாடகர் 50 வருஷத்துக்கு மேல, 2005இல மௌத்தாகும் வரைக்கும், அதுக்குக் குரல் குடுத்தார். ‘கிரேட்’ எண்ட ஒரு சாதாரணச் சொல்லில ‘ர்’ரை மட்டும் புலி உறுமுற மாதிரி உருட்டினார். அவ்வளவுதான். அந்த ஒரு ஓசையைத்தான் பிள்ளைகள் பிடிச்சுக்கொண்டாங்க.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். கல்முனையிலயோ சாய்ந்தமருதிலயோ நிந்தவூரிலயோ எந்தப் பிள்ளையும் உம்மாட்ட ‘இன்னும் ஒன்று’ கேக்கிறதில்ல. எங்கட கரையில அதுக்கு ஒரு சொல் இரிக்கி: மறுகா. ‘பிறகு’ எண்டும் அர்த்தம், ‘திரும்பவும்’ எண்டும் அர்த்தம். உம்மம்மா கதை சொல்லி நிப்பாட்டினா ‘மறுகா?’ எண்டுதானே கேட்டம்? மூன்று அசை, கடைசியில திறந்த ‘ஆ’. மூச்சு இருக்கும் வரைக்கும் இழுக்கலாம். அதை வைச்சு நாங்களே ஒரு காட்சி எழுதிப் பார்த்தம்:

அணில்: என்ன மனே, கையில என்ன இரிக்கி?
பொடியன்: ஒண்டுமில்ல.
அணில்: மறுகா ஏன் வாய் அசையிது?
பொடியன்: (பிஸ்கட்ட விழுங்கிட்டு, கை நீட்டி) மறுகாஆஆ!
உம்மா: போதும். மறுகா சோறு இறங்காது.

ஒரே சொல் மூன்று வேலை செய்யிது: சந்தேகம், ஆசை, கண்டிப்பு. மொழிபெயர்த்திருந்தா இது வந்திராது. உம்மாட வரியக் கம்பனி வெட்டப் பார்க்கும் எண்டு தெரியும். ஆனா ‘இன்னும் தா’ எண்டு மட்டும் பிள்ளைக்குப் படிப்பிக்கிற விளம்பரம் உம்மாவுக்கு எதிரா நிக்கிது. கடைசி வார்த்தை அவவுக்குத்தான்.

‘யாழ்ப்பாணத்துக்கு இது விளங்காதே’ எண்டு கேப்பாங்க. சரிதான். அங்க ‘பேந்து’, மலையகத்தில ‘அப்புறம்’. ‘பேந்து ஏன் வாய் அசையுது?’ எண்டாலும் பகிடி நிக்கிது. ஆனா ‘பேந்து’வில இழுக்க ‘ஆ’ இல்ல, அதனால முத்திரை வசனத்த அங்கத்தப் பிள்ளைகளின்ட வாயில இருந்து புதுசா எடுக்க வேணும். வானொலிக்கு வாயசைவுப் பிரச்சினையும் இல்ல, ஊருக்கு ஒரு ஒலிப்பதிவு செய்யலாம்.

இதில ஒரு ஆபத்தும் இரிக்கி. எங்கட பேச்சு விளம்பரத்தில வாறதெண்டா அனேகமாப் பகிடிக்கு உரிய ஆளின்ட வாயிலதான் வரும், வேற ஊர்க் குரல் ஒண்டு அதை இழுத்து நடிக்கும். அது வேண்டாம். குரல் சரியா எண்டு அறிய ஒரு வழிதான்: விளம்பரம் முடிஞ்ச பிறகு பிள்ளை அணிலைப் போல கத்துதா, இல்ல அணிலைப் பார்த்துச் சிரிக்குதா? கத்தினா அணில் அதின்ட கூட்டாளி. சிரிச்சா, தன்ட வீட்டுப் பேச்சு சிரிப்புக்கு உரியது எண்டு அந்தப் பிள்ளை ஒரு பாடம் படிச்சிட்டு.

1975இல ‘ஷோலே’ வந்த பிறகு பிரிட்டானியா தன் குளுக்கோஸ் பிஸ்கட்டுக்கு அம்ஜத் கானை கப்பர் சிங் வேஷத்திலயே கூட்டிவந்தது. ‘கப்பரின் உண்மையான விருப்பம்’ எண்டதுதான் வசனம். பிள்ளைகள் பிஸ்கட்டுக்குக் கொள்ளைக்காரனா எண்டு யோசிக்கல்ல, சனத்தின் காதில ஏற்கெனவே இருந்த குரலைத் தேடிப் போனாங்க.

எங்கட கரைப் பிள்ளைகளின்ட காதிலயும் ஒரு குரல் ஏற்கெனவே இரிக்கி. அணிலுக்கு வசனம் எழுதப் போறவங்க முதல்ல ஒரு பின்னேரம் எங்கட வீட்டுக் குசினியில வந்து குந்தட்டும்.