படம் பெரிதானால் போதுமா? எழுத்து பெரிதாக வேண்டாமா?

பவர்பாயிண்ட்டில் தயாரித்த ஸ்லைடுகளை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது இன்று சாதாரண விஷயமாகிவிட்டது. File மெனுவில் Save As கொடுத்து, பைல் வகையில் PNG என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தசமப் புள்ளி என் எண்ணத்தை மாற்றியது.

சேலம், நாமக்கல் பகுதியில் குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிர். இந்தப் பயிரில் புதிய வகை மாவுப்பூச்சி ஒன்று 2020-ல் கேரளாவில் கண்டறியப்பட்டது. பிறகு நம் மாவட்டங்களிலும் பரவி, குருத்துகளைச் சுருட்டிப் பெரும் சேதம் செய்தது. இதைக் கட்டுப்படுத்த அனாகைரஸ் லோபெசி என்ற சிறிய ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயல்களில் விடுவதற்காக வெளியிடப்பட்டது.

இந்தப் பூச்சி பற்றிய பயிற்சி ஒன்றுக்கான 24 ஸ்லைடுகள் எங்கள் உறவினர் ஒருவர் மூலம் என்னிடம் வந்தன. "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுல முக்கியமானதை மட்டும் எடுத்து நம்ம குரூப்ல போட்டு விடு கண்ணு" என்றார். நான்கு ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்தேன். பூச்சியை அடையாளம் காண்பது ஒன்று, நல்ல கரணைகளைத் தேர்வு செய்வது இன்னொன்று, மருந்தின் அளவு மூன்றாவது, குளவி விட்ட வயலில் மருந்து அடிக்கக் கூடாது என்பது நான்காவது. PNG-யாக மாற்றி அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ராசிபுரம் பக்கமிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். "தம்பி, அந்த மருந்து லிட்டருக்கு அஞ்சு மில்லிங்களா? படத்துல 05-ன்னு போட்டிருக்குதுங்க." ஸ்லைடில் இருந்தது 0.5 மில்லி. அவர் திரையில் புள்ளி காணாமல் போயிருந்தது. அவர் கேட்காமலே அடித்திருந்தால் பத்து மடங்கு மருந்து வயலில் இறங்கியிருக்கும். தவறு அவருடையது அல்ல, என்னுடையது.

புள்ளி எங்கே போனது? கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்து பார்த்தேன், புள்ளி தெளிவாக இருந்தது. அப்போதுதான் அளவுகோலை எடுத்தேன். இன்றைய பவர்பாயிண்ட்டில் வழக்கமான ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ. சாதாரண செல்போனை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 6.8 செ.மீ. அதாவது ஸ்லைடில் உள்ள எல்லாமே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த ஸ்லைடின் எழுத்து 18 பாயிண்ட். ஐந்தால் வகுத்தால் 3.6 பாயிண்ட். மருந்து டப்பாவின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துகூட இதைவிடப் பெரிதாக இருக்கும். போனைப் படுக்கவைத்துப் பார்த்தாலும் இது இரண்டு மடங்குக்கு மேல் போகாது.

இங்கே பலரும் சொல்லும் தீர்வு, "ரெசொல்யூஷனைக் கூட்டுங்கள்" என்பதுதான். அது இந்த நோய்க்கான மருந்து இல்லை. ரெசொல்யூஷனைக் கூட்டினால் படத்தில் புள்ளிகளின் எண்ணிக்கை கூடும், எழுத்தின் அளவு ஒரு மி.மீ.கூடக் கூடாது. 3.6 பாயிண்ட் எழுத்து மிகக் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் HD என்று தேர்வு செய்து அனுப்பினாலும், டாக்குமென்ட்டாக அனுப்பினாலும் இதே கதைதான். "விரலால் பெரிதாக்கிப் பார்க்கட்டுமே" என்பவர்கள், கையில் மண்ணோடு வரப்பில் நிற்கும் ஐம்பது வயதுக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிதாக்கினால் வரியின் ஒரு பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

ஆகவே என் கருத்து இதுதான்: ஸ்லைடை அப்படியே படமாக்கக் கூடாது. முதலில் செல்போனின் வடிவத்துக்கு அதை மாற்றி அமைத்துவிட்டு, பிறகுதான் படமாக்க வேண்டும். நான்கு ஸ்லைடுகளுக்கு அரை மணி நேரம் ஆகலாம். செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் பைலை வேறு பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள். பவர்பாயிண்ட்டில் ஸ்லைடின் அளவை மாற்றினால் அந்த பைலில் உள்ள எல்லா ஸ்லைடுகளும் மாறிவிடும். அதனால் மூல பைலில் கை வைக்கக் கூடாது. அடுத்து View மெனுவில் Slide Sorter-ஐ கிளிக் செய்தால் எல்லா ஸ்லைடுகளும் சிறு படங்களாக வரிசையாகத் தெரியும். Ctrl கீயை அழுத்திக்கொண்டு, தேவையில்லாத ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக கிளிக் செய்து Delete கீயை அழுத்துங்கள். படமாக்கும்போது பவர்பாயிண்ட் "எல்லாமா, இந்த ஒன்று மட்டுமா" என்று இரண்டே கேள்விதான் கேட்கும். "தேர்ந்தெடுத்தவை மட்டும்" என்ற வழி அங்கே இல்லை. வேண்டாதவற்றை முன்பே நீக்குவது அதற்காகத்தான்.

இப்போது Design மெனுவில் Slide Size, அதில் Custom Slide Size என்று செல்லுங்கள். அகலம் 28.58 செ.மீ., உயரம் 38.1 செ.மீ. என்று கொடுத்து OK செய்யுங்கள். Maximize, Ensure Fit என்று இரண்டு பட்டன்கள் வரும். Ensure Fit-ஐ கிளிக் செய்யுங்கள். எல்லாம் சுருங்கி, மேலும் கீழும் வெற்றிடமாக நிற்கும். பயப்பட வேண்டாம், அந்த வெற்றிடம்தான் நமக்குக் கிடைத்த லாபம்.

ஏன் இந்த அளவு? விண்டோஸில் பவர்பாயிண்ட் வழக்கமாக ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் படமாக்குகிறது. மேலே சொன்ன அளவில் 1080-க்கு 1440 பிக்சல் கிடைக்கும். இன்று பல செல்போன்களின் திரை அகலம் 1080 பிக்சல்தான். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது பெரிய படங்களின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைக்கிறது. நம் படம் அதற்குள் அடங்கிவிடுவதால் அதைச் சுருக்க வேண்டிய தேவை வராது.

அடுத்தது எழுத்து. இந்த ஸ்லைடு செல்போனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். எனவே ஸ்லைடில் 40 பாயிண்ட் வைத்தால் போனில் 10 பாயிண்ட் கிடைக்கும். அது நாளிதழ் எழுத்துக்குச் சமம். 40-க்குக் கீழே இறங்கவே கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. தலைப்பு 60. ஒரு வரியில் மூன்று சொற்கள்தான் பிடிக்கும். பக்கத்தில் படமும் வேண்டுமென்றால் எட்டு வரிக்கு மேல் இடம் இருக்காது. எனவே வாசகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்க முடியாவிட்டால் ஒரு ஸ்லைடை இரண்டாகப் பிரியுங்கள். என் மருந்து ஸ்லைடு அப்படித்தான் இரண்டானது. கூடவே "0.5 மி.லி." என்ற எண்ணின் பக்கத்தில் "அரை மில்லி" என்று எழுத்தாலும் எழுதினேன். புள்ளி போனாலும் "அரை" போகாது.

தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் எழுத்துகளில் புள்ளி மறைந்தால் "க்" என்பது "க" ஆகிவிடும். "ன"வும் "ண"வும் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது.

நிறத்திலும் கவனம் தேவை. வாட்ஸ்அப் எந்தப் படத்தையும் போட்டோவாக அனுப்பும்போது ஜேபெக் முறையில் அமுக்கிவிடுகிறது. இந்த முறையில் வெளிச்ச வேறுபாடு ஓரளவு துல்லியமாகப் பதிவாகும். நிற வேறுபாடு அதைவிடக் குறைந்த துல்லியத்தில்தான் பதிவாகும். அதனால் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓரங்களில் கசிந்ததுபோல் தெரியும். வெள்ளையில் கறுப்பு கசியாது. நாம் PNG-யாக சேவ் செய்வதும் இதற்காகத்தான். ஜேபெக்காக சேவ் செய்தால் படம் இரண்டு முறை அமுக்கப்படும்.

எல்லாம் முடிந்ததும் Save As-ல் PNG Portable Network Graphics Format என்பதைத் தேர்ந்தெடுத்து, All Slides என்று கொடுங்கள். பைலின் பெயரிலேயே ஒரு போல்டர் உருவாகி, Slide1, Slide2 என்று படங்கள் அதில் வந்துவிடும். தமிழ் எழுத்துகள் இப்போது படமாகிவிட்டதால், பெறுபவரின் போனில் அந்த ஃபான்ட் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் படமாக்கும் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இருந்தாக வேண்டும். பழைய ஃபான்ட்டில் செய்த ஸ்லைடு என்றால் கட்டாயம் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் இம்ப்ரெஸில் File மெனுவின் Export மூலம் PNG கொடுத்தால், நீங்கள் நிற்கும் ஒரு ஸ்லைடு மட்டுமே படமாகும். எத்தனை பிக்சல் வேண்டும் என்று அதுவே கேட்கும். நான்கைந்து ஸ்லைடுகளுக்கு அதுவும் வசதிதான்.

குரூப்பில் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி, வீட்டில் இருப்பதிலேயே சிறிய போனில் திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் பெரிதாக்காமல் படியுங்கள். எண்களையும் புள்ளிகளையும் தனியாகப் பாருங்கள். தடுமாறினால் எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள்.

அனுப்பும்போது பல படங்களை மொத்தமாகத் தேர்வு செய்து அனுப்பினால், வாட்ஸ்அப் அவற்றை ஒரே கட்டமாக அடுக்கிவிடும். நான்குக்கு மேற்பட்டவை கூட்டல் குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பலர் அதற்குள் போவதே இல்லை. அதனால் ஒவ்வொன்றாக அனுப்புவதே நல்லது. படங்கள் ஒரு குரூப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தனித்தனியாகப் பறக்கும். எனவே ஒவ்வொரு படத்தின் அடியிலும் "5-ல் 3" என்ற எண், தேதி, தகவல் எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரி இருக்கட்டும். எங்கள் விஷயத்தில் இது வெறும் அலங்காரம் இல்லை. மருந்தின் அளவு சொல்லும் படம் மட்டும் ஓர் ஊருக்குப் போய், "குளவி விட்ட வயலில் அடிக்காதீர்கள்" என்ற படம் போகாவிட்டால் குளவிகள் செத்துவிடும். அதனால் மருந்துப் படத்திலேயே அந்த எச்சரிக்கையையும் சேர்த்தேன்.

திருத்திய ஐந்து படங்களையும் அனுப்பிவிட்டு, பழைய நான்கையும் குரூப்பிலிருந்து நீக்கினேன். அதற்குள் யாராவது அவற்றை வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் அவற்றை என்னால் திரும்பப் பெற முடியாது. ராசிபுரத்துக்காரருக்கு நானே போன் செய்து கேட்டேன். "இப்ப கண்ணாடி போடாமலே படிக்க முடியுதுங்க தம்பி, அரை மில்லின்னு நல்லா தெரியுது" என்றார்.