மேலாளரின் கடிந்துரை குற்றமாகாது என்ற தீர்ப்பு: அஞ்சி மௌனம் காக்கும் ஊழியருக்கு யார் பொறுப்பு?

விஜயபுரம்: அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் தம் கீழ்ப் பணிபுரிபவரைக் கடிந்துகொள்வது மட்டுமே குற்றவியல் நடவடிக்கைக்குரிய 'வேண்டுமென்றே செய்த அவமதிப்பு' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு இத்தீர்ப்பை வழங்கியது.

செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் 2022 பிப்ரவரியில் நடந்த ஒரு நிகழ்வே இவ்வழக்கின் பின்னணி. இயக்குநர் பொறுப்பில் இருந்த அதிகாரி தம்மை அறைக்கு அழைத்து உரத்த குரலில் கடிந்துகொண்டார் என்றும், அதனால் மன உளைச்சலுக்கு ஆளானதாகவும் அங்குப் பணியாற்றிய உதவிப் பேராசிரியர் காவல்துறையில் புகார் அளித்தார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு உள்ளிட்டவற்றின்கீழ் வழக்கு பதிவானது. பணி ஒழுங்கு தொடர்பான கண்டிப்பை இப்பிரிவுக்குள் கொண்டுவந்தால் நிர்வாகமே முடங்கிவிடும் என்ற கருத்துடன் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

அந்தப் பிரிவின் வரம்பு குறுகியது. பொது அமைதியைக் குலைக்கும் அளவுக்கு ஒருவரைத் தூண்டும் நோக்கம் இருந்தால்தான் அவமதிப்பு குற்றமாகும். தற்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவிலும் இதே நிபந்தனை உள்ளது. ஆகவே ஒரு நடத்தை குற்றமல்ல என்பதற்கு, அது பணியிடத்தில் ஏற்கத்தக்கது என்று பொருளில்லை. காவல் நிலையத்தின் கதவு அடைபடும் இடத்தில், நிறுவனத்தின் மனிதவளத் துறையின் பொறுப்பு தொடங்குகிறது.

கண்டிப்பும் துன்புறுத்தலும்

பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பத்து ஊழியர்கள் இருந்தாலே உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்றும், விசாரணைக் காலத்தில் புகார்தாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கலாம் என்றும் அது கூறுகிறது. பாலியல் தன்மையற்ற மிரட்டலுக்கும் இழிவுபடுத்தலுக்கும் அத்தகைய தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. பணியிட வன்முறை மற்றும் துன்புறுத்தலுக்கு எதிரான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2021 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனை இதுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

இதனால் எது கண்டிப்பு, எது துன்புறுத்தல் என்பதை நிறுவனங்களே வரையறுக்க வேண்டியுள்ளது. நான்கு கேள்விகள் இதற்குப் பெரிதும் உதவும். மேலாளர் பேசியது வேலையைப் பற்றியா, ஆளைப் பற்றியா? ஊழியர் விளக்கம் அளிக்க இடம் இருந்ததா? அதே தவறைச் செய்த மற்றவர்களும் அவ்வாறே நடத்தப்பட்டார்களா? அது ஒருமுறை நிகழ்ந்ததா, தொடர்கிறதா?

"கணக்கில் மூன்று பிழைகள் உள்ளன, மாலைக்குள் திருத்துங்கள்" என்று கடுமையாகச் சொல்வது கண்டிப்பு. "உன்னைப் போன்றவர்களை வேலைக்கு எடுத்ததே தவறு" என்று வாரந்தோறும் பலர் முன்னிலையில் சொல்வது துன்புறுத்தல். குரலை உயர்த்தாமலும் இது நடக்கக்கூடும். ஒருவருக்கு மட்டும் இலக்கை முன்னறிவிப்பின்றி மாற்றுவது, விடுப்பு விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை கிடப்பில் போடுவது, கூட்டத் தகவலைச் சொல்லாமல் விட்டுவிட்டு வரவில்லை என்று குறை கூறுவது ஆகியவை தனித்தனியே சிறியவை. ஆறு மாதங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் உருவம் தெரியும்.

பெரும்பாலும் அவ்வாறு சேர்த்துப் பார்ப்பவர் யாரும் இருப்பதில்லை. 2023 ஜூன் மாதம் எச்.டி.எப்.சி. வங்கியின் கொல்கத்தா அதிகாரி ஒருவர், இணையவழிக் கூட்டத்தில் விற்பனை இலக்கு தொடர்பாக ஊழியர்களிடம் கத்தும் காணொலி சமூக வலைதளங்களில் பரவியது. வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்து விசாரணைக்கு உத்தரவிட்டது. காணொலி வெளியான பின்னர் நடவடிக்கை எடுப்பது எளிது. காணொலி இல்லாத, புகாரும் வராத இடங்களில் என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி.

புகார் வராததன் பொருள்

ஊழியர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அவருடைய விடுப்பு, பணிநேர முறை, ஆண்டு மதிப்பீடு, பணி அனுபவச் சான்று ஆகிய அனைத்தும் அதே மேலாளரின் கையெழுத்தைச் சார்ந்துள்ளன. தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரம் போன்ற பகுதிகளில் இருந்து திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டி போன்ற தொழில் நகரங்களுக்கு வேலைக்குச் செல்வோருக்கு மேலும் இரு தடைகள் எழக்கூடும். ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவருக்குச் சம்பளம் தருபவர் ஒப்பந்ததாரர். வேலை வாங்குபவர் ஆலை மேலாளர். எனவே யாரிடம் முறையிடுவது என்பதே குழப்பம். அடுத்து, புகார்ப் படிவம் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ மட்டும் இருந்தால், தமிழில் மட்டுமே எழுதத் தெரிந்தவர் வேறொருவரின் உதவியை நாட வேண்டும். அத்துடன் ரகசியம் போய்விடுகிறது.

ஆனால் புகார் இல்லாவிட்டாலும் பதிவேடுகள் பேசும். ஓர் உதாரணத்தைக் கொள்ளலாம். ஓர் ஆலையில் தலா 15 பேர் கொண்ட நான்கு பிரிவுகள் உள்ளன. ஓராண்டில் மூன்று பிரிவுகளில் ஒருவர் அல்லது இருவர் வேலையை விட்டனர். நான்காவது பிரிவில் ஆறு பேர் விலகினர். அதே பிரிவிலிருந்து நான்கு இடமாற்ற விண்ணப்பங்கள் வந்துள்ளன. திங்கட்கிழமைகளில் மருத்துவ விடுப்பு அதிகம். முந்தைய ஆண்டு நல்ல மதிப்பீடு பெற்ற இருவர், மேலாளர் மாறியபின் மிகக் குறைந்த மதிப்பீடு பெற்றுள்ளனர்.

இவற்றில் எதுவும் துன்புறுத்தலுக்குச் சான்றல்ல. அப்பிரிவின் வேலையே கடினமானதாக இருக்கலாம். அருகில் வேறோர் ஆலை கூடுதல் சம்பளம் தரலாம். ஆயினும் விசாரித்துப் பார்க்க இவ்வளவு போதும். "எழுத்துப்பூர்வமான புகார் இல்லை" என்று மனிதவளத் துறை கோப்பை மூடிவிடுவதற்கு இனி இடமில்லை.

பேசியவர் யார் என்று தெரியாத வகையில்

அந்த நிலையில் சந்தேகத்துக்குரிய ஒருவரை மட்டும் அழைத்துப் பேசினால், அவர்தான் புகார் செய்தார் என்று மறுநாளே பிரிவு முழுவதும் பேசப்படும். மாறாக, 15 பேரையும், வேலையை விட்ட ஆறு பேரையும், தனித்தனியாக, ஒரே கேள்விகளுடன், ஏறக்குறைய ஒரே நேர அளவில் சந்திக்க வேண்டும். சந்திப்பவர் வேறு பிரிவையோ வேறு கிளையையோ சேர்ந்தவராகவும், ஊழியரின் மொழி அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். "உங்கள் மேலாளர் திட்டுகிறாரா?" என்று கேட்பதைவிட, "கடந்த மூன்று மாதங்களில் ஒரு தவறு நேர்ந்தபோது என்ன நடந்தது?" என்று கேட்டால் நிகழ்வுகள் வெளிவரும்.

முழு ரகசியம் காக்கப்படும் என்ற வாக்குறுதியையும் தவிர்க்க வேண்டும். ஒருவர்மீது தண்டனை நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் குற்றச்சாட்டை அவருக்கு எழுத்தில் தந்து, விளக்கம் கேட்டாக வேண்டும். பெயரில்லாக் கடிதம் ஒரு சோதனையைத் தொடங்கப் போதுமானது, தண்டிக்கப் போதாது. எந்தக் கட்டத்தில் பெயர் வெளிப்படலாம், அதற்குமுன் தம்மிடம் ஒப்புதல் கேட்கப்படுமா என்பதை ஊழியருக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்வதே நேர்மையான வழி. ஒருமுறை மீறப்பட்ட வாக்குறுதி, அந்த ஆலையில் அடுத்த பல ஆண்டுகளுக்குப் புகார்களைத் தடுத்துவிடும்.

விசாரணை முடியும்வரை விடுப்பு அனுமதி, மதிப்பீடு, பணிநேர ஒதுக்கீடு ஆகிய அதிகாரங்களை அந்த மேலாளரிடமிருந்து எடுத்து வேறோர் அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். இது தண்டனையன்று, அவருடைய பதவியும் ஊதியமும் மாறுவதில்லை. ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்றுவதே வழக்கமாகக் கையாளப்படும் தீர்வு. அவரே விரும்பிக் கேட்டாலன்றி, அது புகார் அளித்தவருக்குக் கிடைத்த தண்டனையாகவே மற்றவர்கள் கண்களுக்குத் தோன்றும்.

இருவரையும் ஒரே அறையில் அமர்த்திச் சமாதானம் பேசவைப்பதும், புகார் மின்னஞ்சலை அப்படியே மேலாளருக்கு அனுப்பி விளக்கம் கேட்பதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரும் தவறுகளாகும்.

சட்டம் தரும் வழி

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழில் நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். நிர்வாகத்தின் சார்பிலும் தொழிலாளர் சார்பிலும் சம எண்ணிக்கையில், அதிகபட்சம் பத்து பேர் அதில் இருப்பர். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். குழு 30 நாள்களுக்குள் நடவடிக்கையை முடிக்க வேண்டும். முடிவு செல்ல, தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதனை ஏற்றிருக்க வேண்டும் என்பது முக்கியமான பாதுகாப்பு.

இதற்கும் எல்லை உண்டு. நிர்வாகப் பதவியில் இருப்போரும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுவோரும் இச்சட்டத்தின் பார்வையில் 'தொழிலாளர்' அல்லர். அவர்களுக்கு நிறுவனத்தின் உள்விதிகளே துணை. எனவே எந்த வழியில் சென்றாலும், நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை ஊழியர் அன்றன்றே குறித்து வைப்பது, பின்னர் நினைவிலிருந்து எழுதும் நீண்ட கடிதத்தைவிட வலிமையான சான்றாகும்.

விசாரணை அறிக்கையோடு மனிதவளத் துறையின் கடமை முடிந்துவிடுவதில்லை. பேசியவர்களின் பணிநேரம், விடுப்பு, மதிப்பீடு ஆகியவற்றை அடுத்த ஆறு மாதங்களுக்கு மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு வர வேண்டும். பழிவாங்கல் பெரும்பாலும் திட்டாக வருவதில்லை. தொடர்ச்சியான இரவுப் பணியாகவும், மறுக்கப்பட்ட விடுப்பாகவும் வரும். அது நிகழவில்லை என்பதைச் சக ஊழியர்கள் கண்டால்தான், அடுத்தவர் வாய் திறப்பார்.