முதற் புத்தகத்தை எழுத வேண்டியவர் யார்?

கோடை விடுமுறையில் ஊர்தோறும் வாசிப்பு முகாம்கள் நடக்கின்றன. பாட்டு, முகமூடி, ஓவியம் என்று நாள் முழுதும் கலகலப்பு. மூலையில் வண்ணப் புத்தகங்கள். வீட்டில் அச்சிட்ட தாளாக நாட்காட்டியை மட்டுமே கண்ட குழந்தை அவற்றைப் புரட்டிப் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. காரணம் ஆர்வமின்மை அன்று. புத்தகம் பேசும் தமிழை அக்குழந்தை யார் வாயிலும் கேட்டதில்லை. எழுத்தையும் புதியதொரு மொழிநடையையும் அது ஒருசேரக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இக்குழந்தைகளின் முதற் புத்தகம் அவர்கள் பேச்சிலிருந்தே உருவாக வேண்டும் என்பது நம் கருத்து. இது புதிய முறை அன்று. நியூசிலாந்தில் மவோரி குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தைகள் கேட்டுப் பெற்ற சொற்களிலிருந்தே வாசிப்பைத் தொடங்கியதை 1963-இல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார்.

ஒரு குழந்தை, "எங்க ஆயா சந்தைக்குப் போயி கருவாடு வாங்கியாந்துச்சு" என்கிறது என்று கொள்வோம். தொண்டர் அதைச் சொன்னபடியே பெரிய தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லாக விரல்வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'வாங்கி வந்தார்' என்று உடனே திருத்திவிடுகிறார்கள். தான் சொன்னது தாளில் இல்லை என்று கண்ட குழந்தை அடுத்த வாக்கியத்தைச் சொல்லத் தயங்கும். திருத்தம் மூன்றாம் நாள் வரட்டும். பேச்சு வாக்கியத்தின் கீழே புத்தக வாக்கியத்தை எழுதினால், சந்தையும் கருவாடும் மாறவில்லை, வினை மட்டுமே உடை மாற்றிக்கொண்டது என்பதைக் குழந்தையே கண்டு சொல்லும்.

இம்முறையின் பெரிய ஆபத்து மனப்பாடம். தன் வாக்கியத்தைக் குழந்தை தாளைப் பாராமலே ஒப்பிக்கும். பார்ப்பவர் வாசிப்பதாக நம்பி மகிழ்வார். வாக்கியத்தைச் சொற்களாக வெட்டிக் கலைத்து, 'கருவாடு' எது என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அடுத்து அச்சொல்லை வேறொரு குழந்தையின் வாக்கியத்தில் தேடச் சொல்ல வேண்டும். அங்கும் கண்டுபிடித்தால் அது வாசிப்பு.

ஆனால் சொல்லை அடையாளம் காண்பது மட்டும் போதாது. கருவாட்டில் வரும் 'ரு', 'டு' இரண்டும் உகரமே, குறிகளோ வெவ்வேறு. இவற்றைத் தனியே எடுத்து, 'ருசி', 'டும் டும்' என்று பழக்காவிட்டால் குழந்தை புதிய சொல்லைக் கண்டதும் நின்றுவிடும். ஒரு தொண்டரிடம் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு மேல் இருந்தாலும் இது நடவாது.

இறுதி நாளில் சான்றிதழுக்குப் பதிலாக, அத்தாள்களைத் தைத்த புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். எழுத்தறியாத ஆயா அதைக் கேட்டு, "நான் கருவாடா வாங்கினேன்? நெத்திலியில்ல!" என்று மறுக்கக்கூடும். அப்போது குழந்தை எழுதுகோலைத் தேடும்.