சரண்டர் பணம் முதலில் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும்?

பங்குதாரர் ஒருவரின் பெயரில் நிறுவனம் எடுத்த கீமேன் பாலிசியை முதிர்வுக்கு முன்பே சரண்டர் செய்தால், வங்கியில் பெரிய தொகை ஒன்று வந்து விழுகிறது. அதைப் பங்குதாரர்களின் மூலதனக் கணக்கில் லாப விகிதப்படி நேராக வரவு வைத்துவிடும் பழக்கத்தைப் பல கூட்டு நிறுவனங்களில் பார்க்கிறேன். ‘நாம் கட்டிய பணம்தானே திரும்பி வருகிறது’ என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் தவறு.

பிரீமியம் கட்டியபோது என்ன நடந்தது என்று பார்த்தால் தவறு புரியும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 1998 பிப்ரவரி சுற்றறிக்கை, கீமேன் பிரீமியத்தை வணிகச் செலவாக ஏற்றது. பங்குதாரரும் நிறுவனமும் சட்டப்படி வெவ்வேறு ஆட்கள் அல்லவே, தன் உயிருக்குத் தானே எடுத்த காப்பீடு எப்படி வணிகச் செலவாகும் என்று வருமான வரித்துறை வழக்காடியது. பி.என். எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் 2010இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அந்தப் பங்குதாரர் இறந்தால் தொழிலுக்கு நேரும் நட்டத்துக்கான காப்பு என்பதால் அது செலவுதான். இந்தச் சலுகைக்கு மறுபக்கம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 28(vi). கீமேன் பாலிசியில் வரும் எந்தத் தொகையும், போனஸ் உட்பட, தொழில் வருமானம். சரண்டர் தொகையும் இதில் அடக்கம்.

ஓர் உதாரணக் கணக்கு. இரண்டு பங்குதாரர்கள், லாப விகிதம் 3:2. பாலிசி 2003இல் எடுத்த எண்டோவ்மென்ட் வகை. (2005 முதல் கீமேனுக்கு டெர்ம் பாலிசி மட்டுமே என்று ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்தது, டெர்மில் சரண்டர் மதிப்பு கிடையாது. எனவே இந்தச் சிக்கல் பெரும்பாலும் பழைய பாலிசிகளுடையது.) ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 22 பிரீமியம் கட்டியாயிற்று. எல்லாம் செலவாக எழுதப்பட்டதால் இருப்புநிலைக் குறிப்பில் பாலிசியின் சுவடே இல்லை. 2025 ஆகஸ்டில் சரண்டர் செய்கிறார்கள். மதிப்பு 29 லட்சம்.

காப்பீட்டு நிறுவனம், கட்டிய 22 லட்சத்தைக் கழித்து, மிச்சம் 7 லட்சத்துக்கு 2 சதவீதம், அதாவது 14,000 ரூபாய் டிடிஎஸ் பிடிக்கிறது. பதிவு இப்படி வர வேண்டும்: வங்கிக் கணக்கு பற்று 28,86,000, டிடிஎஸ் வரவேண்டியது கணக்கு பற்று 14,000, லாப நட்டக் கணக்கு வரவு 29,00,000. வரி போக மிஞ்சும் லாபம்தான் 3:2 என்று மூலதனக் கணக்குகளுக்குப் போக வேண்டும்.

மிகப் பெரிய சறுக்கல் அந்த 7 லட்சத்தில்தான் இருக்கிறது. டிடிஎஸ் சான்றிதழில் அந்த எண்ணைப் பார்த்ததும், அதுதான் வருமானம் என்று கணக்காளர் முடிவுகட்டிவிடுகிறார். டிடிஎஸ் பிடிப்பதற்கான அடிப்படை வேறு, வரி விதிப்புக்கான அடிப்படை வேறு. கட்டிய 22 லட்சத்துக்கு ஆண்டுதோறும் கழிவு எடுத்தாகிவிட்டது. மறுபடியும் கழிக்க முடியாது. மிகைவரி வராத நிறுவனத்துக்கு 31.2 சதவீதத்தில் 29 லட்சத்துக்கு வரி 9,04,800 ரூபாய். 7 லட்சத்துக்கு மட்டும் கட்டினால் 2,18,400. மீதி 6,86,400 ரூபாய் பின்னாளில் வட்டியோடு வந்து நிற்கும். ஆகஸ்டில் பணம் வந்தால் செப்டம்பர் 15 முன்வரித் தவணையிலேயே இதைச் சேர்த்துவிட வேண்டும்.

பாலிசியைச் சொத்தாகக் காட்டி, ஆண்டுதோறும் சரண்டர் மதிப்புக்குச் சரிசெய்துவரும் நிறுவனங்களும் உண்டு. அங்கே பேரேட்டில் 28 லட்சம் இருந்தால், சரண்டரில் லாபமாகத் தெரிவது 1 லட்சம் மட்டுமே. ஏட்டுக்கு அது சரி. வருமானக் கணக்கீட்டுத் தாளில் அந்த 1 லட்சத்தை எடுத்துவிட்டு 29 லட்சத்தைச் சேர்க்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் ஏட்டு மதிப்பு உயர்வை அப்போதே வருமானமாகக் காட்டி வரி கட்டியிருந்தால், அதை ஆடிட்டர் தனியே ஒத்துப்பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது, இடையில் விலகும் பங்குதாரரின் நிலை. செலவாக எழுதும் முறையில் பாலிசி ஏட்டிலேயே இல்லாததால், அவருக்குக் கணக்கு முடிக்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை. அன்றைய சரண்டர் மதிப்பு 9 லட்சம், அவர் பங்கு ஐந்தில் இரண்டு என்றால், 3,60,000 ரூபாய் சத்தமில்லாமல் மற்றவர்களுக்குப் போய்விடுகிறது. விலகும் நாளில் பாலிசிக் கணக்கில் 9 லட்சம் பற்று வைத்து, பழைய விகிதத்தில் எல்லோருடைய மூலதனத்திலும் வரவு வைப்பதே நியாயம். ஆனால் பின்னால் சரண்டர் செய்யும்போது முழுத் தொகைக்கும் வரி கட்டப்போவது நிறுவனத்தில் மிஞ்சுபவர்கள். எனவே, அவருடைய பங்கிலிருந்து உத்தேச வரியான 1,12,320 ரூபாயைக் கழித்து, 2,47,680 ரூபாய் கொடுக்கலாம் என்று விலகல் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

– கட்டுரையாளர், பட்டயக் கணக்காளர்