பட்டனை அழுத்துமுன் போனின் தொடர்பை நிறுத்திப் பாருங்கள்



ஆசிரியப் பயிற்சிக்காக அட்டாளைச்சேனையில் தங்கியிருக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களான நமது போனுக்கும் மலையிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "சேர், துரை சிங்களத்தில் நோட்டீஸ் போட்டிருக்கிறார். என்ன சொல்கிறார்?" பதிலுக்குக் காத்திராதவர்கள் அதைக் கொப்பி பண்ணி ஏதோ ஒரு மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டுகிறார்கள். துரையின் நோட்டீஸ் வெளியே போனால் நமக்கு நட்டமில்லை. ஆனால் அதே பழக்கத்தில் சங்கக் குழுவில் வரும் செய்தியையும் ஒட்டுகிறோமே, அதுதான் ஆபத்து.

வட்ஸ்அப்பில் செய்தி பூட்டப்பட்டு வருகிறது. அனுப்பியவர், பெறுபவர் தவிர எவரும் வாசிக்க முடியாது. நாம் அதைக் கொப்பி பண்ணி வேறோரு தளத்தில் ஒட்டியதும் பூட்டு உடைகிறது. எந்த நாளில் வேலைநிறுத்தம், யார் பேசுவார் என்பதெல்லாம் அந்தக் கம்பனியின் கணினிக்குப் போய்விடுகின்றன.

2025 செப்டம்பரில் வட்ஸ்அப் தனக்குள்ளேயே மொழிபெயர்ப்பை அறிவித்தது. மொழிப் பொதி முதலில் போனில் இறங்கும். மொழிபெயர்ப்பு போனுக்குள்ளேயே நடக்கும். செய்தி வெளியே போகாது. நல்ல முறைதான். ஆனால் அண்ட்ரொயிட் போன்களுக்குத் தொடக்கத்தில் தந்த ஆறு மொழிகளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை!

எந்த மொழி என்று கண்டறியவாவது வெளியே அனுப்ப வேண்டுமா? தமிழ் எழுத்தா, சிங்கள எழுத்தா என்பதற்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் போனுக்குள் ஒரு எண் உண்டு. தமிழுக்கு ஒரு வரிசை, சிங்களத்துக்கு வேறு வரிசை. முதல் எழுத்தைப் பார்த்தாலே சாதாரண போனுக்கும் விளங்கும்.

சிக்கல் ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான். நம் பிள்ளை mama என்று எழுதினால் மாமா. சிங்களத் தோழர் mama என்று எழுதினால் 'நான்'. இந்த ஒரு சொல்லை வைத்துப் போனும் சொல்ல முடியாது, பெரிய கணினியும் சொல்ல முடியாது. mama heta enawa என்று முழுதாக வந்தால்தான் 'நான் நாளை வருகிறேன்' என்று தெரியும். ஆகவே சங்கச் செய்தியைத் தமிழ் எழுத்திலேயே, முழு வாக்கியமாக எழுதுங்கள்.

சோதிக்க வழி இதுதான். மொழிப் பொதியை இறக்கிய பின் போனை ஏரோப்ளேன் மோட்டில் போட்டு, வைஃபையும் நின்றிருக்கிறதா என்று பார்த்து, இதுவரை மொழிபெயர்க்காத ஒரு செய்தியில் பட்டனை அழுத்துங்கள். மொழிபெயர்த்தால், தொடர்பு நின்றிருக்கும் வரை வேலை போனுக்குள் நடக்கிறது. இணையம் கேட்டால், சங்கச் செய்தியை அதில் போடாதீர்கள். சிங்களம் தெரிந்த தோழரிடம் காட்டுங்கள்.

நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. கொழுந்தின் நிறையையும் பேரையும் பிழையின்றி எழுதத் தெரிந்த தோட்டக் காரியாலயத்துக்கு, நோட்டீஸைத் தமிழில் எழுதுவது பெரிய காரியமா? மொழிபெயர்க்க வேண்டியது அனுப்புபவரின் கடமை. அந்தச் சுமையைக் கொழுந்துக் கூடையோடு சேர்த்து எங்கள் முதுகில் ஏற்றாதீர்கள்!