சுற்றுவழிக்கு யார் பணம் தருவது?

இந்திய ரயில்வேயில் பயணக் கட்டணம் புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த தொலைவைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. பயணி ஏறும் ரயில் எந்தப் பாதையில் செல்கிறதோ அந்தப் பாதையின் நீளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஒரே இரு ஊர்களுக்கு இடையே, ஒரே வகுப்பில், ஒரே நாளில் செல்லும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்துவது இதனால்தான். தொலைவுக்கு ஏற்ற கட்டணம் என்பது அடிப்படையில் நியாயமான விதியே. ஆனால் அத்தொலைவை நீட்டியது பயணியா, ரயில்வே நிர்வாகமா என்று கேளாமல் இருவகைக்கும் ஒரே விதியைப் பொருத்துவது நியாயமாகாது.

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சிக்குச் செல்லும் இரு பாதைகளில் இந்த விதி செயல்படும் முறையைத் தெளிவாகக் காணலாம். இரண்டும் விழுப்புரம் வரை ஒன்றாகச் சென்று அங்கே பிரிகின்றன. விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராகச் செல்லும் கார்டு லைனில் திருச்சி சுமார் 337 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வளைந்து செல்லும் மெயின் லைனில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வைகையும் பல்லவனும் முதல் பாதையில் ஓடுகின்றன, சோழன் இரண்டாம் பாதையில் ஓடுகிறது. சோழனில் திருச்சி வரை முன்பதிவு செய்பவரின் பயணச்சீட்டில் நீண்ட பாதையின் தொலைவே அச்சாகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கான கூடுதல் கட்டணமும் அதனுள் அடங்கிவிடுகிறது. இந்தக் கூடுதல் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்: தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கான வீதம் குறைந்து செல்லும் வகையிலும், தொலைவைச் சிறு படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டணம் வைக்கும் வகையிலும் அட்டவணை அமைந்திருப்பதால், பாதை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீண்டாலும் கட்டணம் அதைவிடச் சற்றுக் குறைந்த விகிதத்திலேயே உயரும்.

இந்த எடுத்துக்காட்டில் பயணிக்கு மெய்யான தேர்வு உண்டு. நேர்வழியில் பல ரயில்கள் இருக்க, சோழனின் நேரம் வசதி என்றோ, அதில் இடம் கிடைத்தது என்றோ அதைத் தெரிந்தெடுப்பவர் அந்தத் தொலைவுக்குரிய கட்டணத்தைத் தருவதில் தவறில்லை. அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பயணச்சீட்டிலும் முன்பதிவுத் திரையிலும் ரயில் செல்லும் தொலைவு காட்டப்படுகிறதே தவிர, குறுகிய வழியின் தொலைவு அருகே காட்டப்படுவதில்லை; ஒப்பிட்டுப் பார்க்க ஏதுமில்லாத எண்ணால் பயணிக்குப் பயனில்லை.

கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் செல்லும் பயணியின் நிலை வேறு. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகச் சென்றால் அத்தொலைவு 400 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆனால் அவ்வழியில் அன்றாட நேரடி ரயில் இல்லை. இரு ஊர்களையும் இணைக்கும் வாராந்திர விரைவு ரயில் ஈரோடு, கரூர், திருச்சி, மானாமதுரை எனச் சுற்றி, 500 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவைக் கடக்கிறது. இடையிலுள்ள ஊர்களுக்கும் ரயில் கிடைக்க வேண்டும் என்பதால் வகுக்கப்பட்ட பாதை அது, அந்த நோக்கமும் நல்லதே. எனினும் அந்த நோக்கத்தின் செலவை முனைக்கு முனை செல்லும் பயணியே சுமக்கிறார். கூடுதல் நேரத்தையும் இழந்து, கூடுதல் கட்டணத்தையும் செலுத்துகிறார். இத்தகைய இடங்களில் குறுகிய வழியின் கட்டணமே உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்பதே நியாயம்.

இதற்கான கொள்கை ரயில்வேயின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தாலோ விபத்தாலோ ஒரு ரயில் மாற்றுப்பாதையில் திருப்பிவிடப்பட்டால், எத்தனை கிலோமீட்டர் கூடினாலும் பயணியிடம் கூடுதல் கட்டணம் கேட்கப்படுவதில்லை. அந்தப் பாதையில் செல்ல விரும்பாதவர் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். பயணி தேடாத தொலைவுக்குப் பயணி பொறுப்பல்ல என்பதை ரயில்வே இங்கே ஏற்கிறது. ஒரு நாள் சுற்றினால் பொருந்தும் நியாயம், கால அட்டவணையிலேயே நிரந்தரமாகச் சுற்றும்போது பொருந்தாமல் போவதற்குக் காரணம் இல்லை. கட்டணத் தொலைவு என்பது தண்டவாளத்தின் நீளத்தை அப்படியே பின்பற்றியாக வேண்டும் என்ற வாதமும் நிற்காது; கொங்கண் ரயில்வேயின் கட்டுமானச் செலவை ஈடுகட்ட அப்பாதையின் தொலைவு பயணிகளுக்கு 40 விழுக்காடு கூட்டிக் கணக்கிடப்படுகிறது. கூட்டுவதற்கு இடமிருக்கும் கணக்கில் குறைப்பதற்கும் இடமுண்டு.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சோழனில் திருச்சிப் பயணிக்குக் குறுகிய வழியின் 337 கிலோமீட்டருக்கான கட்டணம் மட்டும் வாங்கினால், அதே பெட்டியில் அமர்ந்து திருச்சிக்கு முன்பே தஞ்சாவூரில் இறங்குபவர் சுமார் 351 கிலோமீட்டருக்கான கட்டணத்தைத் தர வேண்டியிருக்கும். முன்னதாக இறங்குபவர் அதிகமாகவும் கடைசிவரை செல்பவர் குறைவாகவும் செலுத்தும் முரண் தோன்றும். உச்சவரம்பை எல்லா ரயில்களுக்கும் அல்லாமல், நேர்வழியில் அன்றாட நேரடி ரயில் இல்லாத ஊர்களுக்கு மட்டும் வைப்பதால் சோழனில் இந்தச் சிக்கல் எழாது. உச்சவரம்பு பொருந்தும் ரயில்களில், இடையிலுள்ள எந்த நிலையத்தின் கட்டணமும் அதற்கு அப்பாலுள்ள நிலையத்தின் கட்டணத்தை விஞ்சக்கூடாது என்ற துணைவிதி முரணைத் தீர்க்கும். இதனால் வருவாய் ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் அது பயணி கேட்காத கிலோமீட்டர்களிலிருந்து வந்த வருவாய்.

முன்பதிவில்லாப் பயணிகளின் நிலைதான் உடனடிக் கவனத்துக்கு உரியது. முன்பதிவில் ரயிலைத் தேர்ந்தால் பாதையும் தானே முடிவாகிவிடும். முன்பதிவில்லாச் சீட்டிலோ ரயிலின் பெயர் இல்லை, "வழி" என்ற இடத்தில் சில குறியீடுகள் மட்டுமே உள்ளன. VM-VRI என்றால் விழுப்புரம், விருத்தாசலம். MV-TJ என்றால் மயிலாடுதுறை, தஞ்சாவூர். கூட்ட நெரிசலில் சாளரத்தில் "திருச்சி ஒன்று" என்று கேட்டுச் சீட்டு வாங்குபவர் இவற்றைப் படித்துப் பொருள் கொள்வார் என எதிர்பார்க்க முடியாது. நேர்வழிச் சீட்டுடன் அவர் சோழனில் ஏறிவிட்டால், பரிசோதகர் இரு பாதைகளின் கட்டண வித்தியாசத்தைக் கேட்பது முறையே. அதற்கு மேல் அபராதத் தன்மையுள்ள கூடுதல் கட்டணம் கேட்பது முறையாகாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவு, சீட்டில்லாமல் செல்வதையும், சீட்டுக்குரியதைவிட உயர்ந்த வகுப்பில் செல்வதையும், சீட்டு அனுமதிக்கும் இடத்துக்கு அப்பால் செல்வதையும் கருதி எழுதப்பட்டது. அதன்படி விதிக்கப்படும் கூடுதல் கட்டணம் குறைந்தது ரூ.250. திருச்சிக்குச் சீட்டு வாங்கி, அதே வகுப்பில், திருச்சியிலேயே இறங்குபவர் இவற்றில் எதையும் செய்யவில்லை. சில பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக அவரைச் சீட்டில்லாப் பயணிக்கு நிகராக நடத்தக்கூடாது என்று ரயில்வே வாரியம் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும்.

சீட்டில் வழியைக் குறியீடாக அல்லாமல் ஊர்ப்பெயராகத் தமிழில் அச்சிடுவதற்கும், இரு பாதைகள் உள்ள ஊருக்குச் சீட்டு கேட்டால் எந்த வழி என்று ஊழியர் கேட்டாக வேண்டும் என்று பணிப்பதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. தெற்கு ரயில்வே தன் எல்லைக்குள் இவற்றை முதலில் விழுப்புரத்தைக் கடக்கும் பயணங்களுக்கு நடைமுறைப்படுத்தலாம். கோவை–ராமேஸ்வரம் போன்ற இணைகளைக் கணக்கெடுத்து, உச்சவரம்புக்கான முன்மொழிவை வாரியத்துக்கு அனுப்புவதும் அந்த மண்டலத்தின் கடமை.